நீளமான சிறிய துணிக்கடையை அடுக்கும் முறை: வாசலிலிருந்து பின்சுவர் வரை

12 அடி அகலம், 30 அடி ஆழம், முன்பக்கம் ஒரே கதவு. இந்த வடிவத்தில் அமைந்த துணிக்கடைகளுக்கு வருகிற நோய் ஒன்றுதான்: முன்பாதியில் சரக்கு நகரும், பின்பாதியில் தேங்கிக் கிடக்கும். பின்னால் இருக்கும் துணி மட்டமானது என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் துணியில் குறை இருக்காது. அங்கு வரை யாரும் நடந்து போகவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி அந்த வடிவத்துக் கடைக்கானது. வேலையின் வரிசையைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். புதிதாகக் கடை வைப்பவர்கள் முதலில் பொம்மை வாங்குவார்கள், பிறகு ஸ்டாண்டுகள், பிறகு விளக்கு. எல்லாம் வந்து இறங்கிய பின் மிச்சம் இருக்கும் இடத்தில் வாடிக்கையாளர் நடக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் நடைபாதை, அடுத்து கல்லாவும் ட்ரயல் ரூமும், அடுத்து பார்வை போய் நிற்க வேண்டிய இடங்கள், அதன் பிறகே ஸ்டாண்டுகளும் சரக்கும். விளக்கும் வெளி ஜன்னலும் கடைசி.

விளக்கம் எளிதாக இருக்க, ஒரு தம்பதி நடத்திய கடையை நாங்கள் மாற்றி அமைத்த விதத்தையே நெடுகச் சொல்லிப் போகிறேன். மேலே சொன்ன அளவுதான் அந்தக் கடையும். முகப்பைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் 4 அடி கதவு, வலப்பக்கம் 8 அடி கண்ணாடி ஜன்னல்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, கட்டம் போட்ட தாள், தரையில் ஒட்டி எடுக்கக்கூடிய காகித டேப், நான்கைந்து காலி அட்டைப் பெட்டிகள். தாளில் இரண்டு கட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்து கடையை வரைந்துகொள்ளுங்கள். தூண், மின்பலகை, கதவு திறக்கும் திசை, கூரையின் உயரம் ஆகியவற்றையும் குறியுங்கள். கதவு உட்பக்கம் திறக்குமானால் அது வீசும் வட்டத்தையும் வரைய வேண்டும். அதை மறந்துவிட்டு, கதவு இடிக்கும் இடத்தில் மேசை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரக்குப் பட்டியல் ஒன்றும் தேவை. விலைப்பட்டியல் போல நீளமாக வேண்டாம். எவ்வளவு துணி தொங்க வேண்டும், எவ்வளவு மடித்து வைக்கப்படும், தொங்குபவற்றில் எவை நீளமானவை, எவை குட்டையானவை என்று தெரிந்தால் போதும். நீளமான கவுன் தொங்கும் கம்பிக்குத் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் உயரம் வேண்டும். சட்டை, மேலாடை போன்றவற்றை ஒரே சுவரில் மேலும் கீழுமாக இரண்டு கம்பிகளில் தொங்கவிடலாம். இந்தக் கணக்கு தெரியாமல் கம்பி அடித்தால் பிறகு சுவரெல்லாம் ஓட்டையாகும்.

## 2. ஒரு நாள் முழுக்க நடையைக் கவனியுங்கள்

ஏற்கெனவே நடக்கிற கடை என்றால் எதையும் நகர்த்தும் முன் இதைச் செய்ய வேண்டும். கடையின் வரைபடத்தை 20 பிரதிகள் எடுத்து, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் என்று வைத்து, அவர் நடந்த வழியைக் கோடாக வரையுங்கள். நின்ற இடத்தில் ஒரு புள்ளி, துணியைத் தொட்ட இடத்தில் ஒரு குறுக்குக் குறி. கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பகுதியையும் நிறைந்த நேரத்தில் ஒரு பகுதியையும் எடுத்தால் படம் நேர்மையாக இருக்கும்.

உள்ளே வந்ததும் பலர் வலப்பக்கம் திரும்புவார்கள் என்று இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே நம்பி அமைக்காதீர்கள். கதவு எந்த மூலையில் இருக்கிறது, எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம், கடைக்காரர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அது மாறும். உங்கள் கடையில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் 20 தாள்களே சொல்லும்.

தம்பதியின் கடைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கோடுகளில் பாதிக்கு மேல் பன்னிரண்டாவது அடிக்குள் திரும்பிவிட்டன. அந்த இடத்தில் ஒரு பெரிய வட்ட ஸ்டாண்டு நின்றது. அதற்கும் சுவரில் தொங்கிய துணிக்கும் நடுவே 2 அடி கூட இல்லை. தடையை வாடிக்கையாளர் ஒரு தடவை பார்க்கிறார், திரும்பிவிடுகிறார். பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை.

## 3. நடைபாதையை முதலில் வெட்டுங்கள்

ஒருவர் சுவர்த் துணியைப் பார்த்து நிற்க ஏறத்தாழ ஒன்றரை அடி பிடிக்கும். அவர் பின்னால் இன்னொருவர் உரசாமல் கடக்க வேண்டுமானால் மொத்தம் மூன்றரை, நான்கு அடி தேவை. உரசல் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால், குனிந்து துணி பார்க்கும்போது பின்னால் யாராவது இரண்டு முறை இடித்தால், பிடித்த துணியையே விட்டுவிட்டு நகர்ந்து போவார்கள், பெண்கள் இன்னும் விரைவாக. ஆகையால் முக்கியப் பாதை 4 அடியை ஒட்டியும், துணைப் பாதை 3 அடிக்குக் குறையாமலும் இருக்கட்டும். சக்கர நாற்காலி போகவும் 3 அடியே மிகக் குறைந்த அளவு. அது திரும்பி வர எங்காவது ஓரிடத்தில் 5 அடி வட்டம் வெறுமையாக வேண்டும்.

இனி கணக்கு. 12 அடி என்றால் 144 அங்குலம். ஹேங்கரில் பக்கவாட்டில் தொங்கும் துணி சுவரிலிருந்து 24 அங்குலம் முன்னே வரும். இரண்டு சுவரிலும் அப்படித் தொங்கவிட்டால் 48 அங்குலம் போய்விடும். நடுவில் 24 அங்குல மேசை வைத்தால் இருபக்கமும் 36 அங்குலம்தான் மிஞ்சும். இரண்டு பாதையுமே நெருக்கடி, எதுவும் முக்கியப் பாதையாக இல்லை.

நாங்கள் செய்தது இது. வலச்சுவரில் மட்டும் தொங்கும் துணி, 24 அங்குலம். இடச்சுவரில் மடித்த துணிக்கு 14 அங்குல ஆழமுள்ள தட்டுகள். நடுவில் 24 அங்குல மேசை. மிச்சம் 82 அங்குலம். அதில் வலப்பாதைக்கு 46, இடப்பாதைக்கு 36. ஒரு சுவரின் ஆழத்தை 10 அங்குலம் குறைத்ததில் ஒரு பாதையே கிடைத்துவிட்டது. வலப்பக்கம் உள்ளே போய், பின்சுவரைத் தொட்டு, இடப்பக்கமாகத் திரும்பி வரும் ஒரு வளையமாக நடை அமைந்தது. முட்டுச்சந்து இல்லாத வளையம்தான் நீளக் கடைக்கு உயிர். போன வழியே திரும்ப வேண்டியிருந்தால் பாதி தூரத்திலேயே கால் நின்றுவிடும்.

அளவை முடிவு செய்ததும் தாளோடு நிறுத்தாதீர்கள். தரையில் டேப் ஒட்டி, மேசை வர வேண்டிய இடத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, இரண்டு பேர் கையில் பையோடு எதிரும் புதிருமாக நடந்து பாருங்கள். தாளில் சரியாக இருந்தது தரையில் இடிக்கும். ஸ்டாண்டுகளுக்குப் பணம் கொடுப்பது இதற்குப் பிறகுதான்.

## 4. வாசலின் முதல் 5 அடியைக் காலியாக விடுங்கள்

தெருவிலிருந்து நுழைபவரின் கண் வெளி வெளிச்சத்திலிருந்து உள் வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். குடையை மடிக்கிறார், கைப்பேசியைப் பையில் போடுகிறார், குழந்தையின் கையைப் பிடிக்கிறார். நடையின் வேகம் தணிய நான்கைந்து அடி ஆகிறது. அந்த இடத்தில் நீங்கள் எதை வைத்தாலும் அவர் அதைக் கடந்த பிறகுதான் பார்க்கத் தொடங்குவார். வாசலை ஒட்டிய மிக நல்ல துணி விற்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, தள்ளுபடித் துணியைக் கூடையில் குவித்து வாசலிலேயே வைப்பது. அது வழியை அடைக்கும், நுழைந்ததுமே கடையின் தரம் இதுதான் என்ற எண்ணத்தையும் விதைக்கும். தள்ளுபடிச் சரக்கைத் தேடி வருபவர் பின்பக்கம் வரை நடப்பார், அவருக்கு வாசல் தேவையில்லை. இரண்டாவது, விற்பனையாளர் வாசலிலேயே நின்று "என்ன வேண்டும்?" என்று கேட்பது. உள்ளே வந்தவர் இன்னும் எதையும் பார்க்கவில்லை, அவர் என்ன சொல்வார்? "சும்மா பார்க்க வந்தேன்" என்பார். அதைச் சொல்லிவிட்ட பிறகு உதவி கேட்கவும் தயங்குவார். தலையசைத்து வரவேற்றுவிட்டு, அவர் முதல் மேசையில் கைவைத்த பிறகு பேச்சைத் தொடங்கினால் போதும்.

கால்மிதி, நல்ல வெளிச்சம், உள்ளே தெளிவாகத் தெரியும் ஒரு காட்சி. வாசலுக்கு இவற்றைத் தவிர எதுவும் வேண்டாம்.

## 5. கல்லாவும் ட்ரயல் ரூமும்

இவை இரண்டும் எளிதில் நகர்த்த முடியாதவை. மின்கம்பி, தடுப்புச் சுவர் எல்லாம் இவற்றோடு வரும். ஆகவே ஸ்டாண்டுகளுக்கு முன்பே இவற்றின் இடம் முடிவாக வேண்டும்.

அந்தக் கடையில் கல்லா கதவை ஒட்டியே இருந்தது. "இங்கே இருந்தால்தான் யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள்" என்றார் கடைக்காரர். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கதவோரம் உட்கார்ந்தவருக்குக் கதவுதான் தெரிகிறது, பின்பாதி முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. உள்ளே வருபவருக்கும் முதல் காட்சியாக ஒரு மேசையும் பில் போடும் இயந்திரமும் தெரிகின்றன. பில் போட இருவர் நின்றாலே வாசல் அடைபட்டு, வெளியில் இருப்பவர் உள்ளே வரத் தயங்குகிறார்.

கல்லாவை இடச்சுவரில், வாசலிலிருந்து 16 அடியில் தொடங்கி 21 அடி வரை வைத்தோம். அங்கிருந்து நேரே பார்த்தால் கதவு, சற்றுத் திரும்பினால் ட்ரயல் ரூம். கல்லா மேசைக்கு 2 அடி, அதன் பின்னால் நிற்க இரண்டரை அடி. அந்தப் பகுதியில் நடுமேசை கிடையாது என்பதால் வலச்சுவரில் தொங்கும் துணி வரை ஐந்தரை அடி வெறுமையாகக் கிடைத்தது. பில் போட நிற்பவர்களுக்கும் அது இடம், சக்கர நாற்காலி திரும்பவும் அது இடம்.

அதைத் தாண்டி இடப்பின் மூலையில் இரண்டு ட்ரயல் ரூம்கள், ஒவ்வொன்றும் மூன்றரை அடி ஆழம், 4 அடி அகலம். உடுத்திப் பார்க்கப் போகிறவர் கடை முழுவதையும் கடந்து போவார், அந்த நடைக்காகவே அது பின்னால் இருக்க வேண்டும். ஆனால் பின்சுவர் முழுவதையும் அறைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அறைகளை இடச்சுவரோடு ஒன்றன்பின் ஒன்றாக வைத்ததால் பின்சுவரில் எட்டரை அடி காட்சிக்கு மிஞ்சியது. அதன் பயன் அடுத்த பகுதியில் தெரியும்.

ட்ரயல் ரூமைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் அங்குதான் எடுக்கப்படுகிறது. தலைக்கு நேர்மேலே ஒற்றை விளக்கு போட்டால் கண்ணுக்கடியிலும் கழுத்துக்கடியிலும் நிழல் விழும். எந்தத் துணியும் நன்றாகத் தெரியாது, குறை துணியின் மேல் விழும். கண்ணாடியின் இருபக்கமும் முகத்தின் உயரத்தில் மென்மையான விளக்கு வையுங்கள். உட்புறம் மூன்று கொக்கிகள் வேண்டும்: போட்டுக்கொண்டு வந்த உடைக்கு ஒன்று, பார்க்க எடுத்துவந்தவற்றுக்கு ஒன்று, பைக்கு ஒன்று. உட்கார ஒரு சிறு இருக்கை. திரை என்றால் இரு ஓரமும் சுவரைத் தாண்டி மூட வேண்டும். இடைவெளி தெரியும் திரைக்குப் பின்னால் யாரும் நிம்மதியாக உடை மாற்றமாட்டார்கள்.

## 6. பார்வை நிற்கும் இடங்கள்: மூன்று போதும்

நடைபாதை இருந்தால் மட்டும் மக்கள் நடந்துவிடமாட்டார்கள். அடுத்த சில அடிகளுக்கு அப்பால் போய்ப் பார்க்கத்தக்க ஒன்று கண்ணில் பட வேண்டும். அந்த இடத்தை அடைந்ததும் அதற்கு அப்பால் இன்னொன்று. 30 அடிக்கு இப்படி மூன்று இடங்கள் போதும். ஐந்தாறு வைத்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்.

முதலாவது, வாசலிலிருந்து ஐந்தரை அடியில் தொடங்கும் நடுமேசை. இரண்டரை அடி உயரம், மூன்றரை அடி நீளம். வேகம் தணிந்து வருபவர் முதலில் கை வைக்கும் இடம் இது. இங்கே புதிய சரக்கு, அதிலும் தொட்டுப் பார்த்தால் பிடித்துப்போகும் துணி. இரண்டாவது, 12 அடியில் நான்கு கை ஸ்டாண்டும், அதற்கு நேரே வலச்சுவரில் முழு உடையாகத் தொங்கும் ஒரு காட்சியும். மூன்றாவது, பின்சுவரில் ஓர் அடி உயர மேடையில் மூன்று பொம்மைகள், கடையிலேயே மிக அழுத்தமான நிறத்தில்.

பின்சுவர்க் காட்சி வாசலிலிருந்தே தெரிய வேண்டும். அதுதான் இந்த அமைப்பின் முதுகெலும்பு. எனவே நடுவில் நிற்கும் எதுவும் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. பழைய வட்ட ஸ்டாண்டை எடுத்துவிட்டு நான்கு கை ஸ்டாண்டு வைத்ததற்கு இது ஒரு காரணம். வட்ட ஸ்டாண்டில் எந்தப் பக்கம் நின்றாலும் தெரிவது துணிகளின் ஓரம் மட்டும்தான். நான்கு கை ஸ்டாண்டில் ஒவ்வொரு கையிலும் முதல் துணி முன்புறத்தை முழுதாகக் காட்டி நிற்கும்.

சோதிப்பது எளிது. வாசலில் நின்று கைப்பேசியில் படம் எடுங்கள். படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பின்சுவர்க் காட்சி அப்போதும் தனியாகத் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் நிறம் மட்டும்தான் வேறாக இருக்கிறது, வெளிச்ச வேறுபாடு இல்லை. பின்னணிச் சுவரைத் துணியின் நிறத்துக்கு எதிராக வெளிரியதாகவோ அடர்த்தியாகவோ மாற்றுங்கள், அல்லது அந்த இடத்துக்கு மட்டும் விளக்கைக் கூட்டுங்கள்.

## 7. ஒரு காட்சியை அடுக்கும் வரிசை

துணியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இருப்பைப் பாருங்கள். எல்லா அளவும் கையில் உள்ள உடையை மட்டுமே பொம்மைக்குப் போட வேண்டும். "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்பவருக்கு "அந்த அளவு இல்லை" என்று சொல்வதற்காகவா காட்சி? நடு அளவுகள் தீர்ந்ததும், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

நிறம்: ஓர் அடிப்படை நிறம், அதோடு ஒத்துப்போகும் இன்னொன்று, சிறிதளவு மட்டும் எடுப்பான மூன்றாவது. மூன்று பொம்மைக்கும் சேர்த்து இதே மூன்று நிறம்தான். ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனிக் கதையாக உடுத்துவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பார்ப்பவருக்கு அது மூன்று தனி ஆட்களாகத் தெரியும், ஒரு காட்சியாகத் தெரியாது.

நிறுத்தும் முறை: மூன்றும் ஒரே வரிசையில் ஒரே உயரத்தில் வேண்டாம். ஒன்றை மேடையின் பின்னால் உயரமாகவும், ஒன்றை முன்னால் சற்றுத் தாழ்வாகவும், மூன்றாவதைப் பக்கத்தில் விலக்கியும் வைத்தால் கண் மேலிருந்து கீழாக ஒரு முக்கோணத்தில் இறங்கும். பொம்மைகளின் உடல் பாதையில் வருபவரை நோக்கித் திரும்பியிருக்கட்டும்.

உடுத்தும் முன் துணியை ஆவி இஸ்திரி போட வேண்டும். பொம்மையின் மேல் இருக்கும்போது மடிப்புக் கோடு தெரிந்தால் புதுத் துணியும் பழையதாகத் தோன்றும். தளர்வாக இருந்தால் முதுகுப்பக்கம் குண்டூசியால் பிடியுங்கள். ஆனால் பொம்மையைச் சுற்றி நடக்க முடிகிற இடத்தில் இது கூடாது. அங்கே பொம்மைக்குப் பொருந்தும் அளவையே போடுங்கள்.

கடைசியாக, மிகவும் மறக்கப்படும் படி: பொம்மை மேல் உள்ள ஒவ்வோர் உடுப்பும் அதன் அருகிலேயே, கை எட்டும் தூரத்தில் எல்லா அளவிலும் தொங்க வேண்டும். தம்பதியின் கடையில் பொம்மையின் சட்டை ஒரு மூலையிலும் கால்சட்டை எதிர்மூலையிலும் இருந்தன. வாடிக்கையாளர் தேடமாட்டார். அவர் கேட்கக் கூச்சப்படுபவராக இருந்தால் அந்த விற்பனை அங்கேயே முடிந்தது.

## 8. சுவர்களும் கம்பிகளும்

கை எளிதாக எட்டுவது இரண்டரை அடியிலிருந்து ஐந்தரை அடி வரை. விற்க வேண்டியதை அந்தப் பட்டைக்குள் வையுங்கள். 6 அடிக்கு மேல் காட்சிக்கு மட்டும். இரண்டரை அடிக்குக் கீழே உபரிச் சரக்கு இருக்கலாம்.

வலச்சுவர் முழுக்க இரட்டைக் கம்பி அடித்தால் அடுக்குமாடிக் கட்டடம் போல ஒரே மாதிரி ஓடும், கண் எங்கும் நிற்காமல் வழுக்கிப் போகும். 3 அடி இரட்டைக் கம்பி, பிறகு இரண்டடி அகலத்தில் ஒரு முழு உடையை முன்புறமாகத் தொங்கவிட்ட வெளி, பிறகு மீண்டும் கம்பி என்று மாற்றி மாற்றி அமையுங்கள். முன்புறமாகத் தொங்கும் அந்த உடை இருபக்கக் கம்பிகளிலும் உள்ளதைக் காட்டும் பெயர்ப்பலகை போல வேலை செய்யும்.

கம்பியில் எத்தனை துணி என்பதற்கு எண்ணிக்கை தேவையில்லை, ஒரு சோதனை போதும். எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். கம்பியில் கால்பங்கு காலியாக வேண்டும். இல்லையென்றால் நெருக்கம் அதிகம். ஒரு துணியை இழுத்தால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து வரும், வாடிக்கையாளர் கையை எடுத்துவிடுவார். ஹேங்கர்களின் கொக்கிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், அளவு சிறியதிலிருந்து பெரியதாகப் போக வேண்டும். இடப்பக்கத் தட்டுகளில் ஓர் அடுக்குக்கு ஏழெட்டு மடிப்புக்கு மேல் வேண்டாம். அடியில் உள்ளதை உருவும்போது மேலுள்ளவை சரியும் என்ற பயத்தில் பலர் தொடவே மாட்டார்கள்.

## 9. விளக்கு

பொது வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பளீரென்று இருந்தால் காட்சிகள் தனித்துத் தெரியாது. மூன்று பார்வை இடங்களுக்கும் ஸ்பாட் லைட் கொடுங்கள், அங்கு விழும் வெளிச்சம் சுற்றுப்புறத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். மற்ற இடத்தை இருட்டாக்கத் தேவையில்லை.

ஸ்பாட் லைட்டை நேர்மேலே வைத்தால் பொம்மையின் தோள் மட்டும் ஒளிரும். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வாக முன்னாலிருந்து விழ வேண்டும். தரைக்கு மேல் 10 அடிக் கூரை, தரையில் நிற்கும் பொம்மையின் மார்பு நாலரை அடியில் என்றால், விளக்கு பொம்மைக்கு ஏறத்தாழ 3 அடி முன்னால் வரும். பல்ப் வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் உள்ளதா என்று பெட்டியில் பாருங்கள். அது குறைந்தால் கருநீலமும் கருப்பும் ஒன்றுபோலத் தெரியும். வீட்டுக்குப் போய் வெயிலில் பார்த்ததும் துணி திரும்பி வரும். ஒளியின் நிறம் 3000 முதல் 4000 கெல்வினுக்குள் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் கடை முழுக்க ஒன்றாகவே இருக்க வேண்டும்.

## 10. வெளி ஜன்னலைக் கடைசியில் செய்யுங்கள்

ஜன்னல் உள்ளே இருப்பதை அழைத்துச் சொல்ல வேண்டியது. உள்ளே முடியாமல் அதை அமைத்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போகும். ஜன்னலில் உள்ள உடையே முதல் மேசையிலும் இருக்க வேண்டும். அதைப் பார்த்து நுழைந்தவர் ஆறேழு அடிக்குள் அதைக் கையில் எடுத்துவிடுவார்.

கடையைக் கடப்பவர் ஜன்னலை நேரே பார்ப்பதில்லை, நடந்துகொண்டே பக்கவாட்டில் பார்க்கிறார். ஆள் நடமாட்டம் எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் என்று கவனித்து, பொம்மைகளை அந்தப் பக்கம் சற்றுத் திருப்புங்கள். ஜன்னலின் பின்புறத்தை முழுக்க அடைக்காதீர்கள். சிறிய கடையில் உள்ளே தெரிவதே பாதி அழைப்பு. இடுப்புயரத் தடுப்பு போதும்.

பகலில் ஒரு தொல்லை வரும். வெளியே வெயில், உள்ளே மங்கல் என்றால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். தெரிவது எதிர்ப்பக்கத் தெருதான். இதனால் ஜன்னல் விளக்கு இரவைவிடப் பகலில்தான் அதிகம் எரிய வேண்டும். பின்னணியும் அடர்நிறமாக இல்லாமல் வெளிரியதாக இருக்கட்டும். மேலே ஒரு சாய்ப்புப் போட்டாலும் எதிரொளி குறையும். சரிபார்ப்பதை நண்பகலில், 15 அடி தள்ளி நின்று செய்யுங்கள்.

## 11. இரண்டு வாரம் கழித்து மறுபடி 20 தாள்கள்

புதிய அமைப்பில் முதல் சில நாட்கள் வழக்கமான வாடிக்கையாளர்கள் தடுமாறுவார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பிறகு மீண்டும் கோடுகளை வரைந்து பழைய தாள்களோடு வைத்துப் பாருங்கள். தாளைத் தவிர இன்னொரு சாட்சியும் உண்டு. கடையை அடைக்கும் நேரத்தில் எந்த அடுக்குகள் கலைந்திருக்கின்றன, எவை காலையில் மடித்தபடியே இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் கலையாத அடுக்கு இருக்கும் இடத்துக்கு யாரும் வரவில்லை, அல்லது வந்தும் தொடவில்லை. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கோடு அங்கே போகவில்லை என்றால் வழியையும் அதற்கு அப்பாலுள்ள காட்சியையும் சரிசெய்ய வேண்டும். கோடு போயும் குறுக்குக் குறி இல்லையென்றால் உயரம், நெருக்கம், வெளிச்சம் ஆகியவற்றைப் பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் குறை சரக்கில்.

தம்பதியின் கடையில் வலப்பாதைக் கோடுகள் பின்சுவர் வரை போகத் தொடங்கின. இடப்பக்கம் திரும்பும் வழியில் மட்டும், கல்லாவுக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள தட்டுகள் கலையாமலே இருந்தன. தாள்களைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. பில் போட்டு முடித்தவர் கையில் பையோடு நேரே வெளியேறுகிறார், மடித்த சட்டையை விரித்துப் பார்க்க அவருக்குக் கை ஒழியவில்லை. அந்தத் தட்டுகளில் இருந்த சட்டைகளை நடுமேசைக்கு அருகே மாற்றிவிட்டு, அங்கே காலுறை, கழுத்துத் துணி, பெல்ட் போன்ற ஒரு கையால் எடுக்கக்கூடியவற்றை வைத்தோம். கல்லாவில் நிற்கும்போதே அவை கண்ணில் படும்படி முதல் தட்டைச் சற்றுச் சாய்வாகத் திருப்பியும் வைத்தோம். அடுத்த வாரத் தாள்களில் அந்தத் தட்டுகளுக்கு முன்னாலும் குறுக்குக் குறிகள் விழுந்தன.